சுற்றுலாவுக்குக் கடன்: தனிநபர் கடனா, கார்டா, தவணையா, டாப்-அப்பா, இல்லை காத்திருப்பதா?

"குடும்பத்தோடு ஒரு பெரிய பயணம் போகணும், கையில் இருப்பது போக இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் குறைகிறது, லோன் போடலாமா, கார்டிலேயே தேய்த்துவிடலாமா?" இப்படிக் கேட்கிறவர்களில் பலர் போவதென்று முடிவெடுத்த பிறகுதான் கேட்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான், எந்தக் கடனுக்கு வட்டி சதவீதம் குறைவு என்பதை. பயணக் கடனில் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் தப்பான வழியில்தான் போய் நிற்போம். எப்படி என்று கீழே பார்க்கலாம்.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பயணத்தின் மொத்தச் செலவு 2,00,000. கையில் 80,000 இருக்கிறது. குறைவது 1,20,000. மாதச் செலவெல்லாம் போக 5,800 வரை ஒதுக்க முடியும், அதற்கு மேல் முடியாது. நாணயக் குறி எதுவும் போடவில்லை, எந்த நாட்டுப் பணமாக வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான். வட்டி விகிதங்கள் உதாரணத்துக்காக எடுத்தவை, உங்களுக்குக் கிடைக்கும் விகிதத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

நான்கு கேள்விகள் போதும்.

1. எல்லாம் கட்டி முடிக்கும்போது கையைவிட்டுக் கூடுதலாகப் போனது எவ்வளவு?
2. கடைசித் தவணை எப்போது? அது அடுத்த பயண ஆசை வருவதற்கு முன்பா, பின்பா?
3. பயணம் ரத்தானால் கடன் என்ன ஆகும்?
4. நடுவில் வருமானம் நின்றால் என்ன ஆகும்?

முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது. வருடத்துக்கு ஒருமுறை வெளியே போகிற குடும்பம் இரண்டு வருடக் கடன் எடுத்தால், பதிமூன்றாவது மாதத்தில் அடுத்த பயணம் வந்து நிற்கும். பழைய தவணை போய்க்கொண்டிருப்பதால் அந்த ஒரு வருடத்தில் சேமிப்பு எதுவும் சேர்ந்திருக்காது, அதனால் அடுத்ததற்கும் கடன்தான். இப்போது மாதம் 5,800-க்குப் பதில் 11,600. இந்தக் குடும்பத்தால் அது முடியாது என்பதால் மீதி கார்டுக்குப் போகும். பயணக் கடனில் சிக்கியவர்கள் ஒரே பெரிய கடனால் சிக்குவதைவிட இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறித்தான் அதிகம் சிக்குகிறார்கள். வண்டிக்கோ வீட்டுக்கோ வாங்கிய கடன் என்றால் நிலைமை மோசமாகும்போது பொருளை விற்றாவது அடைக்கலாம், போய் வந்த பயணத்தை யாரிடம் விற்பது?

## தனிநபர் கடன்

ஆண்டுக்கு 14% வட்டி, 24 மாதம், 1,20,000 கடன் என்றால் மாதத் தவணை சுமார் 5,760. மொத்தம் கட்டுவது 1,38,300. வட்டி மட்டும் 18,300.

இதோடு பிராசசிங் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2% என்று வைத்தால் 2,400. இதைத் தனியாகக் கேட்கமாட்டார்கள், கடன் தொகையிலேயே கழித்துக்கொண்டு 1,17,600 மட்டும் கணக்கில் போடுவார்கள். ஆனால் வட்டி முழு 1,20,000-க்கும் ஓடும். ஆக உண்மையான கூடுதல் செலவு 20,700 அளவில். பயணத்துக்குத் தேவை சரியாக 1,20,000 என்று கணக்குப் போட்டு அதே தொகைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இங்கேதான் முதல் துண்டு விழும், அந்த 2,400-ஐ கார்டில் போடுவார்கள்.

இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். "வெறும் 10% தான்" என்று யாராவது சொன்னால் அது குறையும் பாக்கிக்கான வட்டியா, ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால் நீங்கள் அடைத்துக்கொண்டே வந்தாலும் கடைசிவரை முதல் நாள் தொகைக்கே வட்டி போடுவார்கள். 1,20,000-க்கு 10% ஃபிளாட், இரண்டு வருடம் என்றால் வட்டி 24,000, தவணை சரியாக 6,000. இதைக் குறையும் பாக்கிக் கணக்குக்கு மாற்றினால் ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அதாவது "10%" என்று சொன்ன கடன், "14%" என்று சொன்ன கடனைவிட விலை அதிகம். சதவீதத்தைக் கேட்டுக் குழம்புவதைவிட, கையில் வரும் தொகை எவ்வளவு, தவணை எவ்வளவு, எத்தனை தவணை என்று மூன்று எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு பெருக்கிப் பார்த்துவிடுவது சுலபம்.

பயணம் ரத்தானால் தனிநபர் கடனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, தவணை அது பாட்டுக்குப் போகும். பயண நிறுவனத்திடமிருந்து பணம் திரும்பி வந்து, அதைக் கொண்டு கடனை அடைக்கப் போனால் முன்கூட்டியே அடைப்பதற்கும் ஒரு கட்டணம் கேட்கலாம், சில இடங்களில் முதல் சில மாதங்களுக்கு அடைக்கவே விடமாட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்கவேண்டிய கேள்வி இது.

இதில் உருப்படியான விஷயம் ஒன்று இருக்கிறது. எப்போது முடியும் என்பது முதல் நாளே தெரியும். கடன் வாங்கியே ஆகவேண்டும் என்ற நிலையில் கார்டைவிட இது எவ்வளவோ மேல். எவ்வளவு மேல் என்பது அடுத்த பகுதியில்.

## கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மெதுவாகக் கட்டுவது

கார்டில் பாக்கி வைத்தால் மாதம் 3% வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் மூன்று என்று கேட்கும்போது சின்னதாகத்தான் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

அதே 1,20,000. அதே குடும்பம், அதே 5,760-ஐ மாதாமாதம் கார்டுக்குக் கட்டுகிறது, கார்டில் வேறு எதுவும் வாங்கவில்லை. முதல் மாதம் கட்டியதில் 3,600 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 2,160 மட்டும். முழுதாக முடிய 34 மாதம் ஆகும், மொத்தம் கட்டியது சுமார் 1,91,000. தனிநபர் கடனில் 18,300 ஆக இருந்த வட்டி இங்கே 71,000.

இது ஒழுங்காகக் கட்டுகிறவரின் கதை. ஸ்டேட்மென்ட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை, அதாவது பாக்கியில் 5% மட்டும் கட்டிக்கொண்டு வந்தால்? இரண்டு வருடத்தில் 1,16,800 கட்டியிருப்பீர்கள். வாங்கிய கடன் கிட்டத்தட்ட முழுசாகக் கைமாறிவிட்டது. அப்போதும் பாக்கி 71,000-க்கு மேல் நிற்கும். தாமதக் கட்டணம் விழவில்லை, கடன் வசூல்காரர் போன் செய்யவில்லை, ஆள் "ரெகுலராகக் கட்டுகிற" நல்ல வாடிக்கையாளர், ஆனால் இதுதான் நிலைமை.

இன்னும் இரண்டு மறைவான செலவுகள். கார்டில் பழைய பாக்கி இருக்கும்வரை பல கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய அன்றே வட்டி ஓடும், அப்படியென்றால் பயணம் முடிந்து வந்தபிறகு அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் வட்டி. அப்புறம், வெளிநாட்டில் கார்டைப் பயன்படுத்தினால் அந்நியச் செலாவணி மாற்றுக்கென்று பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம்வரை தனியாக எடுப்பார்கள். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதோ இன்னும் மோசம், எடுக்கும் கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

இவ்வளவு சொன்னபிறகும் டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் கார்டில் பணம் கட்டுவதைத்தான் பரிந்துரைப்பேன், பாக்கியை அங்கே தங்கவிடாமல் இருக்க முடியும் என்றால் மட்டும். காரணம், பணம் வாங்கிய நிறுவனம் சேவையைத் தராமல் மூடிவிட்டால் கார்டு வழியாகத் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. வங்கிப் பரிமாற்றமாக அனுப்பிய பணத்துக்கு அந்த வழி கிடையாது, நிறுவனத்தின் பின்னால் நாம்தான் அலையவேண்டும். ஆகவே கட்டுவது கார்டில், கெடு தேதிக்குள் கார்டை முழுசாக அடைப்பது சேமிப்பிலிருந்தோ விலை குறைந்த கடனிலிருந்தோ.

## வட்டியில்லாத் தவணை

பயண நிறுவனங்களும் டிக்கெட் தளங்களும் இப்போது அதிகமாகத் தள்ளுவது இதைத்தான். "1,20,000-ஐ ஆறு மாதத்தில் 20,000 வீதம் கட்டுங்கள், வட்டி பூஜ்யம்."

கேட்கவேண்டியது ஒரே கேள்வி: இன்றைக்கே முழுப் பணமும் கட்டினால் என்ன விலை? "அப்படியென்றால் 1,14,000-க்குத் தருகிறோம்" என்று பதில் வந்தால் கதை தெளிவாகிவிடும். நீங்கள் 1,14,000 மதிப்புள்ள பொருளை வாங்கி ஆறு மாதத்தில் 1,20,000 கட்டுகிறீர்கள். கூடுதல் 6,000 தானே என்று தோன்றும், ஆனால் தவணை முதல் மாதமே தொடங்கிவிடுவதால் சராசரியாகப் பார்த்தால் நீங்கள் கடனில் வைத்திருப்பது பாதித் தொகையைத்தான். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு கிட்டத்தட்ட 18% வட்டி. தனிநபர் கடனைவிட விகிதம் அதிகம், பெயர் மட்டும் பூஜ்யம். முழுப் பணம் கட்டினாலும் அதே 1,20,000 தான் என்றால், வேறு கட்டணமும் இல்லையென்றால், அது உண்மையிலேயே இலவசக் கடன். எடுத்துக்கொள்ளலாம்.

விகிதம் அதிகமாக இருந்தாலும் மொத்தத்தில் போவது 6,000 தான் என்பதையும் பாருங்கள். காலம் குறைவு என்பதால் அப்படி. தனிநபர் கடனில் போனது 20,700. இங்கேதான் சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நம் குடும்பத்தால் மாதம் 5,800 தான் முடியும், 20,000 எங்கிருந்து வரும்? முதல் இரண்டு தவணையை எப்படியோ புரட்டிக் கட்டுவார்கள், மூன்றாவது கார்டு பாக்கியாக நிற்கும், அதற்கு மாதம் 3%. வட்டியில்லாத் தவணை என்று ஆரம்பித்தது முந்தைய பகுதியில் சொன்ன இடத்துக்கே வந்து சேரும். ஆறு மாதத் தவணை என்பது ஆறு மாதத்தில் முழுத் தொகையையும் சம்பாதித்து மிச்சம் பிடிக்கக்கூடியவர்களுக்கானது.

ரத்து செய்யும்போது இதில் ஒரு குழப்பம் வரும். ஓட்டல் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டதாகச் சொல்லும், ஆனால் தவணை ஏற்பாடு கார்டு நிறுவனத்தோடு தனியாகப் போட்ட ஒப்பந்தம் என்பதால் அது தானாக ரத்தாகாமல் போகலாம். பணம் கார்டுக் கணக்கில் வரவாக நிற்கும், தவணையும் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருக்கும். கூப்பிட்டுச் சொல்லி மூடவேண்டும். ஆரம்பத்தில் கட்டிய கட்டணம் எப்படியும் திரும்பாது.

## வீட்டுக் கடன் டாப்-அப், நகை அடகு, டெபாசிட்

ஏற்கெனவே வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு அதன்மேல் டாப்-அப் தருவதாக வங்கியே போன் செய்யும். வட்டி 9% மாதிரி இருக்கும், தனிநபர் கடனைவிட எவ்வளவோ குறைவு. மாதத் தவணையோ 1,217 தான். யாருக்குத்தான் ஆசை வராது.

ஆனால் அந்த 1,217 வருவது 15 வருடத்துக்கு. 180 தவணை கட்டி முடித்தால் மொத்தம் 2,19,000. வட்டி 99,000. நான் மேலே திட்டிய கார்டைக்கூட இது மிஞ்சிவிட்டது, வட்டி விகிதம் நான்கில் ஒரு பங்காக இருந்தும்! பயணத்தில் தோளில் தூக்கிக்கொண்டு போன குழந்தை கல்லூரியில் சேரும்போதும் அந்தப் பயணத்துக்கான தவணை போய்க்கொண்டிருக்கும். கட்டாமல் விட்டால் வீடே பிணையில் இருக்கிறது என்பது தனி.

இதே டாப்-அப்பை எடுத்து, அந்தக் குடும்பம் எப்படியும் ஒதுக்கப்போகிற தொகையில் மாதம் 5,480 வீதம் கட்டி இரண்டு வருடத்தில் முடித்துவிட்டால் வட்டி 11,600 தான், கடன்களில் இதைவிட மலிவு கிடைப்பது கஷ்டம். ஆக டாப்-அப் நல்லதா கெட்டதா என்பது, கட்டாயம் இல்லாதபோதும் ஒருவர் மாதாமாதம் நான்கு மடங்கு அதிகமாகக் கட்டுவாரா என்பதைப் பொறுத்தது. தானியங்கியாக வங்கிக் கணக்கிலிருந்து போகும்படி முதல் மாதமே ஏற்பாடு செய்யமுடிகிறவர்கள் எடுக்கலாம். "முடிந்தபோது சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்" என்கிறவர்கள் எடுக்கக்கூடாது.

நகை அடகிலும் வட்டி குறைவுதான், ஆனால் பல இடங்களில் மாதத் தவணை கிடையாது, வருடக் கடைசியில் அசலும் வட்டியும் ஒரே கட்டாகக் கட்டவேண்டும். 10% என்றால் 1,32,000 தயாராக இருக்கவேண்டும். மாதம் 5,760 ஒதுக்குகிறவர் கையில் அப்போது 69,000 தான் இருக்கும். பிறகென்ன, வட்டியை மட்டும் கட்டி மறு அடகு. இப்படியே இரண்டு மூன்று சுற்று போய், ஒரு வருடம் அந்த வட்டியும் புரளாதபோதுதான் ஏல நோட்டீஸ் வருகிறது.

டெபாசிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 7% தரும் டெபாசிட்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு 14%-க்குக் கடன் வாங்குகிறவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு நிறைய. "அதை உடைக்க மனசு வரவில்லை" என்பார்கள். உடைத்தால் சின்ன அபராதம்தான், கடன் வட்டியோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அது ஆபத்துக்கென்று ஒதுக்கிய ஆறு மாதச் செலவுப் பணம் என்றால் உடைக்கவேண்டாம், சரி. ஆனால் அப்போது அந்தப் பயணத்துக்கு உங்களிடம் பணம் இல்லை என்றுதான் அர்த்தம்.

## காத்திருப்பது, அல்லது பாதி காத்திருப்பது

இதை எல்லோரும் அறிவுரையாகச் சொல்வதால் யாரும் கணக்காகப் பார்ப்பதில்லை. பார்த்துவிடுவோம், நேர்மையாக.

அதே 5,760-ஐ 6% தரும் கணக்கில் போட்டுக்கொண்டு வருகிறோம், கையிலுள்ள 80,000-ஐயும் அதிலேயே வைக்கிறோம். பயணத்தின் விலை ஆண்டுக்கு 5% ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம், காத்திருக்கச் சொல்கிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள். 22 மாதத்தில் பணம் சேர்ந்துவிடும். தனிநபர் கடனில் கட்டுவது 24 மாதம். வித்தியாசம் இரண்டு மாதத் தவணைதான்!

அப்படியென்றால் இப்போதே போய்விடலாமே? இங்கேதான் நான்காவது கேள்வி வருகிறது. எட்டாவது மாதத்தில் வேலை போகிறது. சேமிக்கிறவர் சேமிப்பை நிறுத்திக்கொள்கிறார், கையில் 80,000-உம் அதுவரை சேர்ந்த 46,000-உம் இருக்கிறது, அதை வைத்துக் கொஞ்ச நாள் சமாளிக்கிறார், பயணம் தள்ளிப்போகிறது. கடன் வாங்கியவரிடம் 80,000-உம் இல்லை, இன்னும் 16 தவணை பாக்கி. நிறுத்த முடியாது. நிறுத்தினால் தாமதக் கட்டணம், கடன் மதிப்பெண் சரிவு. பயணக் கடனில் நாம் கொடுக்கும் பெரிய விலை வட்டி அல்ல, நிறுத்திக்கொள்ளும் உரிமை. மாதச் சம்பளம் உறுதியாக வருகிறவருக்கு அந்த உரிமை அவ்வளவு முக்கியமில்லை, ஒப்பந்த வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருப்பவருக்கு அதுதான் எல்லாம்.

எனக்குப் பிடித்தது நடுவழி. ஒரு வருடம் காத்திருந்து சேமிப்பது, குறைவதற்கு மட்டும் கடன். விலை ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வருடம் கழித்து சுமார் 54,000 குறையும். அதை 14%-க்கு 10 மாதக் கடனாக எடுத்தால் தவணை சுமார் 5,750, வட்டி மொத்தம் 3,500. பயணம் முடிந்து பத்தே மாதத்தில் கடன் தீர்ந்துவிடும், அடுத்த வருடத்துக்கு முன்பே. இன்னொரு லாபமும் உண்டு: ஒரு வருடம் ஒழுங்காக ஒதுக்கிப் பார்த்தபிறகு அந்தத் தவணையைத் தாங்க முடியுமா என்பது கற்பனையாக இருக்காது, தெரிந்த விஷயமாகிவிடும். நான்காவது மாதமே ஒதுக்க முடியாமல் போனால், கடன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பைசா செலவில்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கூடுதலாகப் போவது | முடிவது | பயணம் ரத்தானால் | வருமானம் நின்றால் |
|---|---|---|---|---|
| தனிநபர் கடன், 14% | 20,700 | 24 மாதம் | தவணை தொடரும், முன்கூட்டி அடைக்கக் கட்டணம் இருக்கலாம் | தாமதக் கட்டணம், மதிப்பெண் சரிவு |
| கார்டு பாக்கி, மாதம் 3%, 5,760 வீதம் | 71,000 | 34 மாதம் | திரும்பும் பணம் பாக்கியில் கழியும் | பாக்கி வேகமாக வளரும் |
| வட்டியில்லாத் தவணை, மாதம் 20,000 | 6,000 | 6 மாதம் | தவணையைத் தனியாக மூடவேண்டும் | கார்டு வட்டிக்குப் போய்விடும் |
| டாப்-அப், 9%, 15 வருடம் | 99,000 | 180 மாதம் | தவணை தொடரும் | வீடு பிணையில் |
| ஒரு வருடம் சேமிப்பு + சின்னக் கடன் | 3,500, பிராசசிங் கட்டணமும் விலை ஏற்றமும் தனி | பயணத்துக்குப் பின் 10 மாதம் | கடன் எடுக்கும் முன் ரத்தானால் இழப்பு குறைவு | முதல் வருடம் நிறுத்திக்கொள்ளலாம் |
| முழுச் சேமிப்பு | விலை ஏற்றம் மட்டும் | பயணத்துக்கு முன்பே, 22 மாதம் | சேமிப்பு அப்படியே இருக்கும் | நிறுத்திக்கொள்ளலாம் |

## கடன் வாங்குவது சரியாக இருக்கும் இடங்கள்

பணம் வரப்போகும் தேதி உறுதியாகத் தெரிந்து, பயணம் அதற்கு முன்பாக அமைந்துவிட்டால் வாங்கலாம். அறிவித்துவிட்ட போனஸ், முதிர்வடையப்போகும் டெபாசிட் மாதிரி. "இன்கிரிமென்ட் வரும்னு நினைக்கிறேன்" இந்தக் கணக்கில் சேராது.

தள்ளிப்போட முடியாத பயணம் இன்னொன்று. உடம்பு தளர்ந்துவரும் பெற்றோரோடு, அவர்களால் நடமாட முடிகிறபோதே போய்வரவேண்டும் என்றால் 22 மாதம் காத்திருக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. இங்கே நான் 20,700-ஐ யோசிக்காமல் கொடுப்பேன். ஆனால் அந்தக் காரணம் பயணத்துக்குத்தான் பொருந்தும், அதில் எடுக்கும் நட்சத்திர ஓட்டலுக்குப் பொருந்தாது. அம்மாவோடு போகவேண்டும் என்பதற்காக வாங்கும் கடனை 70,000-த்தில் முடிக்க முடியுமா என்று முதலில் பார்க்கலாம். கடன் வந்தபிறகு பயணத் திட்டம் தானாகவே பெரிதாவது வழக்கம், மாதத் தவணையில் இன்னும் ஓர் ஐந்நூறு என்று பார்க்கும்போது எல்லாமே மலிவாகத் தெரியும்.

## வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லும் இடங்கள்

கார்டில் ஏற்கெனவே பாக்கி ஓடிக்கொண்டிருந்தால் வேண்டாம். மாதம் 3% கொடுத்துக்கொண்டிருக்கும்போது கையில் வரும் ஒவ்வொரு பணத்துக்கும் முதல் வேலை அதை அடைப்பதுதான்.

போன பயணத்தின் தவணை முடியாமல் இருந்தால் வேண்டாம். இதற்கு விளக்கம் மேலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்த ஒரு வருடத்துக்குள் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. வங்கி உங்கள் வருமானத்தில் இவ்வளவு பங்குதான் தவணைக்குப் போகலாம் என்று ஒரு வரம்பு வைத்துப் பார்க்கும், ஓடிக்கொண்டிருக்கும் தவணையை அதில் கழித்துவிடும். 9%, 20 வருட வீட்டுக் கடனில் ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 900. அப்படியென்றால் 5,760 பயணத் தவணை, கிடைக்கக்கூடிய வீட்டுக் கடனில் 6,40,000-ஐ விழுங்கிவிடும். 1,20,000 கடனுக்கு இப்படி ஒரு பக்கவிளைவு இருப்பது வீடு பார்த்து முன்பணம் கொடுத்தபிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

## வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டால், வரிசை

விசா தேவைப்படும் பயணம் என்றால் கடன் கடைசியில்தான் வரவேண்டும். முதலில் ரத்து செய்யக்கூடிய முன்பதிவு, பிறகு விசா, அது கையில் வந்தபிறகு கடன். தலைகீழாகச் செய்து, விசா மறுக்கப்பட்டு, போகாத பயணத்துக்குத் தவணை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், விசாக் கட்டணமும் பொதுவாகத் திரும்ப வராது. கடன் பணத்தைக் கணக்கில் போட்டுக் காட்டினால் விசாவுக்கு உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். பல தூதரகங்கள் கடைசி சில மாதக் கணக்கறிக்கையைக் கேட்கும், விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு திடீரென்று வந்து விழுந்த 1,17,600 அங்கே நன்றாகவே கண்ணில் படும், எங்கிருந்து வந்தது என்று கேள்வியும் வரும்.

கடன் தொகையை முடிவு செய்யும்போது போகும் இடத்தில் ஆகும் சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் 2,00,000 என்று போட்டீர்களா என்று பாருங்கள். பேக்கேஜ் விலையை மட்டும் வைத்துக் கடன் எடுத்தவர்கள் மீதியை அங்கே கார்டில்தான் தேய்ப்பார்கள், திரும்பி வரும்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு கடன் இருக்கும், இரண்டாவது ஆண்டுக்கு 42 சதவீதத்தில்.